லம்பத்தின் மேல் ஒரு குளியல் தொட்டி

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கொடிக்கம்பம் தரைக்குள் இறங்கியபோது நான் அதிலிருந்து பத்தடி தூரத்தில் இடுப்பை வளைத்து நின்றுகொண்டிருந்தேன். மலாயாவில் ஜப்பான்காரன் காலம். தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கிழக்கே பார்த்து அவர்கள் சக்கரவர்த்திக்குக் குனிந்து வணக்கம் செய்ய வேண்டும். அவர்கள் கடிகாரத்தில் அது எட்டு மணி. எங்கள் வயிற்றுக்கு ஆறரை.

முந்தின நாள் சாயங்காலம் பெரிய மழை. ஈரப் புல்லில் இருநூறு பேர் குனிந்திருந்தோம். அப்போது யாரோ பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தேன். கம்பம் நேராக, ஆடாமல், அசையாமல், ஒரு ஆள் உயரம் கீழே போயிருந்தது. கம்பத்தின் உச்சியில் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டிய கொடி இப்போது பெரிய கங்காணியின் தலைப்பாகையை உரசிக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் பக்கத்தில் நின்ற பால்வெட்டுக்காரி புடவை முந்தானையை வாய்க்குள் முழுவதுமாகத் திணித்துக்கொண்டாள்.

தோட்டத்தை நடத்த ஒரு ஜப்பானியக் கம்பெனி ஆள் வந்திருந்தார். பட்டாளத்துக்காரர் இல்லை, ஆனால் பட்டாளத்துத் தொப்பி போட்டிருப்பார். அவரை நாங்கள் மாஸ்டர் என்போம். குட்டையான, வட்டமான மனிதர். மலாயில் முப்பது சொல் தெரியும். அதில் பாதி வசவு. நிமிர்ந்து பார்த்தவர், கொடி தன் கண்ணுக்கு நேரே தொங்குவதைக் கண்டதும் முகம் சிவந்து போனார்.

"யார் நட்டது?"

பெரிய கங்காணி கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் கைகாட்டினார்.

அது உண்மைதான். நான் சிரம்பானில் ரோட்டு வேலை இலாகாவில் ஓவர்சியருக்கு அடுத்தபடியாக இருந்தவன். டேப் பிடிப்பேன், மட்டம் பார்ப்பேன், ரோட்டடிக் கால்வாய்க்குக் குழி எடுக்க ஆட்களை மேய்ப்பேன். சண்டை வந்து இலாகாவும் போய்ச் சம்பளமும் போனபின் மனைவியோடு இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். ரப்பர் விற்காத காலம். மரவள்ளிக் கிழங்கு நடுவதும், எதாவது உடைந்தால் தட்டிக் கொட்டுவதும் என் வேலை.

முதல் அறை இடது கன்னத்தில் விழுந்தது. இரண்டாவதற்குக் கை ஓங்கியபோது நான் மலாயில் கத்தினேன். "மாஸ்டர், கீழே லோபாங்! மண்ணுக்குக் கீழே பொந்து!"

ஓங்கிய கை நின்றது. அவர் கம்பத்தைப் பார்த்தார். பிறகு தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, ஒவ்வொரு காலாக, பின்னால் நடந்தார்.

கத்திவிட்டேனே தவிர, எனக்கு அப்போது அது நிச்சயமில்லை. சந்தேகம் மட்டும் இருந்தது. அந்த இடம் சுற்றிலும் ரப்பர் மரங்கள் நிற்க, நடுவில் மொட்டையாகக் கிடந்த சமவெளி. வெள்ளைக்கார துரை ஏன் அங்கே மரம் வைக்கவில்லை என்று கேட்டால் பேய் என்பார் கங்காணி. ஓரத்து மரங்கள் சில சமவெளிப் பக்கமாகவே சாய்ந்து நின்றன. புல்லில் அங்கங்கே சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டப் பள்ளங்கள். எவ்வளவு மழை பெய்தாலும் அவற்றில் தண்ணீர் நிற்காது. சிரம்பான் பக்கம் பழைய ஈய லம்பங்களுக்கு, அதாவது ஈயம் தோண்டிய சுரங்கக் குழிகளுக்கு, மேல் ரோடு போட்டபோது இதே மாதிரி பள்ளங்களைப் பார்த்திருக்கிறேன். நூறு கெஜம் ரோடு ஒரு ராத்திரியில் இடுப்பொடிந்து கிடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

மாஸ்டர் அங்கேதான் தன் வீட்டைக் கட்டப்போவதாகச் சொல்லியிருந்தார். துரையின் பங்களாவைப் பட்டாளம் எடுத்துக்கொண்டுவிட்டது. இவர் ஆபீஸில் மேஜைமேல் படுத்துக்கொண்டிருந்தார். சமவெளியிலிருந்து ஓடை தெரியும், காற்று வரும், மரம் வெட்ட வேண்டியதில்லை. "வேறே இடம் பார்க்கலாம்" என்றேன். அவருக்குத் தெரிந்த முப்பது சொல்லில் "வேறே" இல்லை. ஒரு மாதத்தில் வீடு வேண்டும், வீடு இறங்கினால் நீயும் இறங்குவாய் என்பதைக் கையாலேயே விளங்க வைத்தார்.

அன்று சாயங்காலம் கங்காணி என்னை ஓடைக்கு இழுத்துக்கொண்டு போனார். காட்டிக்கொடுத்த குற்றவுணர்ச்சி கொஞ்சம் இருந்திருக்கும்.

"அங்க ஒரு சீனத்தி இருக்கு தம்பி. தட்டுல ஈயம் அரிச்சிக்கிட்டிருந்த பொம்பளை. அதோட அப்பன்தான் இந்தக் குழியெல்லாம் வெட்டுனவன்னு கேள்வி. ஆனா வாய் ரொம்ப மோசம்லா."

வாய் மோசம்தான். நாற்பது வயதிருக்கும். கருப்புக் கால்சட்டை, அகல ஓலைத்தொப்பி, கடித்த சுருட்டு. ஜப்பான்காரனுக்கு வீடு என்றதும் ஓடையில் துப்பினாள். பிறகு சந்தை மலாயும் தோட்டத்துத் தமிழும் கலந்து, "நல்லது தம்பி, சட்டுனு கட்டு. குழிமேலயே கட்டு. நான் வந்து கைதட்டுறேன்" என்றாள்.

"அக்கா, வீடு எறங்குனா என்னையும் புதைச்சிருவான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சுருட்டை மறுபக்கம் மாற்றினாள். "ஐயோ... சரி வா."

அவளோடு அந்தச் சமவெளியில் நடந்தபோதுதான் அதை எனக்குப் பார்க்கத் தெரிந்தது. வெள்ளை மணலும் கூழாங்கல்லும் கலந்த சிறு மேடு எங்கே இருக்கிறதோ, அதன் பக்கத்தில் ஒரு குழி இருக்கும். தோண்டியவன் மண்ணைத் தூக்கிக்கொண்டு தூரம் போகமாட்டான். அவள் அப்பா காலத்தில் நாலு ஆள் ஆழத்துக்குக் கிணறுபோல் இறங்கி, ஈயம் கலந்த கல்மண் தட்டியதும் அங்கிருந்து பக்கவாட்டில் எலிவளை மாதிரி நோண்டிக்கொண்டே போவார்களாம். ஈயம் தீர்ந்ததும் கிணற்று வாயில் மரத்துண்டுகளைக் குறுக்கே போட்டு, தழை போட்டு, மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். முழுக்க நிரப்ப யாருக்குப் பொறுமை?

"மரம் ஐம்பது வருஷம் நிக்குமா? உளுத்துப்போவும். மழை வந்தா மேல்மண்ணு கொஞ்சம் கொஞ்சமா உள்ளே ஓடும். மேலே புல்லு அப்படியே இருக்கும். நீ பார்த்தா நல்ல தரை." காலால் தரையை லேசாகத் தட்டினாள். "தொப்பி மாதிரி. உள்ளே தலை இல்லே."

எங்கள் கம்பம் அப்படி ஒரு தொப்பியைத்தான் குத்திக்கொண்டு போயிருந்தது.

என்னோடு ஐந்து ஆட்களைக் கொடுத்தார் மாஸ்டர். பத்தடி நீள இரும்புக் கம்பி ஒன்றைக் கூர்தீட்டி, சமவெளியை இரண்டு முழத்துக்கு ஒரு தரம் குத்திக்கொண்டே போனோம். குத்துபவன் நீளப் பலகைமேல்தான் நிற்க வேண்டும். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை சாயாத ஒரு மரத்தில். நல்ல தரையில் கம்பி முக்கி முனகிக்கொண்டு போகும். கெட்ட இடத்தில் திடீரென்று கையைவிட்டு ஓடும். அங்கே ஒரு முளை அடிப்போம். முதல் நாள் ஒருவன் கம்பி ஓடிய பயத்தில் அதைக் கைவிட்டுவிட்டான். கம்பி போயே போய்விட்டது. "டொய்ங்" என்று எங்கோ ஆழத்தில் ஒரு சத்தம் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு வந்த புதுக் கம்பிக்கும் ஒரு கயிறு கட்டினோம்.

பதினோரு முளைகள். கிணறுகளிலிருந்து விலகி ஒரு மூலையில் வீட்டுக்கு இடம் குறித்தேன். அக்கா வந்து பார்த்து இன்னும் பத்தடி தள்ளச் சொன்னாள். குழி உடைந்தால் வாய் அப்படியே நிற்காதாம்; பக்கத்து மணல் சரிந்து சரிந்து புனல் மாதிரி விரியுமாம். தள்ளினேன். ஆனால் கிணறுதான் மேலே தெரியும். எலிவளைகள் எந்தப் பக்கம் ஓடின என்று செத்துப்போன அவள் அப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே, வீட்டுக்குக் கீழே எங்காவது ஒரு பொந்து திறக்கும் என்றே வைத்துக்கொண்டு கட்டினோம். செங்கல் வேண்டாம், சிமிட்டி கிடைக்காது. ஆழ அஸ்திவாரம் தோண்டினால் இருக்கிற தொப்பியும் மெலியும். அதனால் தோண்டவே இல்லை. மூடிக் கிடந்த ரப்பர் புகைக்கூடத்தைப் பிரித்து, அதன் நீள உத்தரங்களை நெடுக்கும் குறுக்குமாகப் பின்னி, சேருமிடமெல்லாம் போல்ட்டு முடுக்கி, தரைமேல் ஒரு தெப்பம்போல் படுக்கவைத்தோம். அந்த வருஷம் கெமாஸிலிருந்து வடக்கே போகும் தண்டவாளத்தைப் பெயர்த்து, சயாமில் புது ரயில் பாதை போடக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். தண்டவாளத்தை எண்ணி எடுத்தவர்கள் சிலீப்பர் கட்டைகளை எண்ணவில்லை. மாட்டுவண்டியில் கொஞ்சம் வந்து சேர்ந்தன. அவற்றை உத்தரங்களின் மேல் நெருக்கமாக அடித்தோம். கீழே ஒரு ஆள் அகலத்துக்குப் பொந்து திறந்தாலும் உத்தரங்கள் அதைத் தாண்டிப் பாலம்போல் நிற்கும்; வீடு மொத்தமாக ஒரு பக்கம் சாயுமே தவிர இரண்டாகப் பிளக்காது.

அதன்மேல் குட்டைக் கால்கள். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஜோடி ஆப்பு. ஒரு மூலை தாழ்ந்தால் ஆப்பைத் தட்டி உயர்த்திக்கொள்ளலாம். பலகைச் சுவர், மூங்கில் தட்டி, அத்தாப்பு ஓலைக் கூரை. கூரைத் தண்ணீர் வீட்டடியில் விழாமல் பிளந்த மூங்கிலில் ஓடைக்கு ஓடியது.

"வீடா இது, கோழிக்கூடா?" என்றார் கங்காணி.

"கோழிக்கூடு இடிஞ்சி யாராச்சும் செத்திருக்காங்களா?" என்றேன்.

மாஸ்டருக்கு வீடு பிடித்துவிட்டது. பிடித்துப்போனதுதான் தொல்லை. தனக்கு ஒரு குளியல் தொட்டி வேண்டும் என்றார். கழுத்துவரை வெந்நீரில் உட்காரும் பெரிய மரத்தொட்டி. அடியில் களிமண் அடுப்பு. அதை வீட்டுக்குள்ளேயே, படுக்கையறைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். தண்ணீர் நிறைந்த தொட்டி, அடுப்பு, அதற்குள் மாஸ்டர் - அந்த மூன்றின் கனம் மொத்த வீட்டுக்குச் சமம். அதுவும் ஒரே மூலையில். போதாததற்குத் தினமும் கொட்டும் தண்ணீர். மலாயில் "தா போலே", முடியாது, என்று சொல்லிப் பார்த்தேன். இடது கன்னத்தைத் தேடி ஒரு கை வந்தது. "போலே" என்று திருத்திக்கொண்டேன்.

அக்காவிடம் போய்ப் புலம்பினேன். அவள் கிழங்கு பிடுங்கிக்கொண்டே கேட்டாள். "வீட்டுக்குள்ளே இருக்கிற மாதிரி தெரிஞ்சா போதுமா, உள்ளேயே இருக்கணுமா?"

அவள் சொன்னபடி கட்டியதுதான் மாஸ்டருக்குக் கிடைத்தது. குளியலறை வீட்டோடு ஒட்டியிருப்பதுபோல் இருக்கும். ஆனால் அது தனித் தெப்பம், தனிக் கால், தனிக் கூரை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதற்குமேல் ஒரு பலகையை ஆணியடிக்காமல் சும்மா போட்டிருந்தேன். பார்த்தால் ஒரே தரை. தொட்டித் தண்ணீர் வெளியேற மூங்கில் குழாய் ஒன்றை ஓடைவரை கொண்டுபோனேன்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மாஸ்டர் தினமும் சாயங்காலம் தொட்டியில் உட்கார்ந்து பாடுவார். எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் நாய்கள் கூடவே பாடும்.

அவர் ஊர் வெள்ளை முள்ளங்கியின் விதை எங்கிருந்தோ கிடைத்தது அவருக்கு. குளியலறைக்குப் பின்னால் பாத்தி போட்டார். எங்களை யாரையும் தொடவிடவில்லை. தானே கொத்தி, தானே விதைத்தார். முள்ளங்கி முளைத்தது. தண்ணீர்தான் தூரம். ஒருநாள் அவர் அரிவாளை எடுத்து, கண்ணெதிரே வீணாக ஓடைக்குப் போய்க்கொண்டிருந்த குளியல் தண்ணீரின் மூங்கில் குழாயைப் பாத்திக்குப் பக்கத்தில் வெட்டிவிட்டார். எனக்குத் தெரியாது. முள்ளங்கி செழிப்பாக இருக்கிறதே என்று நானும் பாராட்டினேன்.

வெந்நீர் தினமும் பாத்தியில் இறங்கியது. பாத்தியிலிருந்து கீழே. கீழே யாரும் கண்டுபிடிக்காத ஒரு எலிவளை.

அது நடந்த சாயங்காலம் வெயில் இன்னும் இருந்தது. நான் கூரைக்கு அத்தாப்பு மாற்ற வந்திருந்தேன். பாட்டு நடுவில் நின்றது. ஒரு "ஊஊப்". பிறகு மரம் முறியும் சத்தம், பிறகு அடுப்பு அணையும் சீற்றம், நிறைய ஆவி. ஓடிப்போய்ப் பார்த்தால், அந்தச் சும்மா கிடந்த பலகை காணாமல் போயிருந்தது. குளியலறையும் காணாமல் போயிருந்தது. கூரை மட்டும் வட்டமான ஒரு குழியின் வாயில் தொப்பி மாதிரி சாய்ந்து கிடந்தது. அதற்கடியில், ஒன்றரை ஆள் ஆழத்தில், தொட்டி நேராக நின்றது. தொட்டிக்குள் மாஸ்டர் கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்தபடியே இருந்தார். தலையில் ஒரு முள்ளங்கிச் செடி.

கங்காணி கைகொடுக்க விளிம்புக்கு ஓடினார்.

"நிக்காதே! படு! எல்லாரும் படு!" ஓடைப் பக்கமிருந்து அக்காவின் குரல். அவள் கத்தினால் யாரும் படுத்துவிடுவார்கள். கங்காணி சேற்றில் தலைப்பாகையோடு குப்புற விழுந்தார். விளிம்பு மண் இன்னும் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. நீளப் பலகைகளைக் கொண்டுவந்து வீட்டுத் தெப்பத்திலிருந்து குழிமேல் நீட்டினோம். நான் பலகைமேல் வயிற்றால் ஊர்ந்துபோய்க் கயிற்றை இறக்கினேன். "மாஸ்டர், கக்கத்தில் கட்டு!"

கட்டினார். இழுத்தோம். அவர் ஏறி வந்தபோது உடம்பில் கயிற்றைத் தவிர எதுவும் இல்லை. தோட்டமே கூடிவிட்டிருந்தது. பெண்கள் மரியாதையாகக் கிழக்கே திரும்பி நின்றார்கள்.

அவர் துணியைக்கூடக் கேட்கவில்லை. நேராக வீட்டுக்குள் போனார். ஜன்னலருகே அவருடைய தேநீர்க் கோப்பை வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்குள் எட்டிப் பார்த்தார், தேநீர் சிந்தவில்லை. பிறகு வாசலுக்கு வந்து, அந்த ஒரு சாண் இடைவெளியைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அங்கே ஒரு ஆணித்துளைகூட இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

என்னைக் கூப்பிட்டார். ஒரு அறை விட்டார். அது பலகைக்கு. பிறகு உள்ளே போய் ஒரு டின் சர்க்கரை கொண்டுவந்து என் கையில் வைத்தார். அது வீட்டுக்கு. அந்தக் காலத்தில் அவ்வளவு சர்க்கரைக்கு நான் இன்னும் நாலு அறை வாங்கியிருப்பேன்.

குழியை நிரப்ப ஒரு வாரம் ஆனது. முதலில் இரண்டு பேர் தூக்கும் பாறைகள், அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்படி. பிறகு சிறு கற்கள், பிறகு கூழாங்கல், கடைசியில் களிமண்ணை இடித்து, மழை வழிந்தோட மேடாக விட்டோம். மரக்கட்டை ஒன்றைக்கூட அக்கா உள்ளே போடவிடவில்லை. "எங்கப்பா செஞ்சதை நீயும் செய்யாதே."

மாஸ்டர் அதற்குப் பிறகு தரையைப் பற்றிப் பித்துப்பிடித்தவராகிவிட்டார். லயத்து வீடுகள், ஆபீஸ், மாட்டுக்கொட்டகை, எல்லாவற்றின் அடியையும் குத்திப் பார்க்கச் சொன்னார். எங்கள் ஆறு பேருக்கு "தரை ஆட்கள்" என்று பெயர் வைத்து மேலிடத்துக்கு எழுதினார்.

அந்த எழுத்து என்ன செய்யும் என்று எனக்கு விளங்கியது சயாம் ரயில் வேலைக்கு ஆள் கேட்டபோது. ஒவ்வொரு தோட்டமும் பேர் கொடுக்க வேண்டும். லிங்கி ஊர்ப் பக்கத்திலிருந்து போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்று அதற்குள் எங்களுக்குத் தெரியும். பட்டியலில் "தரை ஆட்கள்" மட்டும் விலக்கு.

கங்காணி என் லயத்துக்கு வந்து வாசலில் குந்தினார். "தம்பி, இன்னும் நாலஞ்சு லோபாங் கெடைக்காதா?"

"எவ்வளவு வேணும் கங்காணியாரே?"

"என் ரெண்டு மருமவனுங்க. அப்புறம் புதுசா கல்யாணம் கட்டுன அந்தப் பையன். அவ்வளவுதான்லா."

அந்த வாரம் சமவெளியில் மட்டுமில்லை, ரப்பர்க் காட்டுக்குள்ளும் முளைகள் முளைத்தன. பதினொன்று முப்பதாகியது, முப்பது அறுபதாகியது. குழிகளுக்கேற்ப ஆட்களும் பெருகி, ஆறு பேர் பதினான்கு பேர் ஆனார்கள். பட்டியல் வர வர முளையும் வந்தது.

மாஸ்டர் ஒருநாள் கணக்கெடுக்க வந்தார். காட்டுக்குள் ஒரு முளைக்குப் பக்கத்தில் நின்றார். "இங்கே லோபாங்?"

"ஆமாம் மாஸ்டர்."

"ஆழம்?"

"ரொம்ப ஆழம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு காலும் சேர்த்து ஒரு குதி குதித்தார். தரை பாறை மாதிரி இருந்தது. இன்னொரு குதி. பூட்ஸ் சத்தம் "டம்" என்று கெட்டியாகக் கேட்டது. மாஸ்டர் பென்சிலை நாக்கில் நனைத்து, புத்தகத்தில் ஏதோ எழுதி, "ஆபத்து" என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்த முளைக்குப் போனார். அதன்மேல் குதிக்கவில்லை.

ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நல்லவர் என்று சொல்ல என் கன்னம் விடாது. பதினைந்தாவது ஆளுக்கு நான் கேட்டபோது மறுத்துவிட்டார். அந்த முறை எங்கள் தோட்டத்திலிருந்து போன லாரியில் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவன், கம்பியைக் கைவிட்டவனின் அண்ணன், லாரியிலிருந்து எட்டிப்பார்த்து, "தம்பி, எனக்கு ஒரு பொந்துகூட இல்லாமப் போச்சே" என்று சிரித்தான். அவன் திரும்பி வரவில்லை.

சண்டை முடிந்தது. மாஸ்டர் ஒரு பெட்டியோடு லாரி ஏறிப் போனார். புதிதாக வந்த வெள்ளைக்கார துரை காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். இத்தனை முளைகளில் எது நிஜம், எது பொய் என்று கேட்டார்.

எனக்கே முழுதாக ஞாபகமில்லை. அவசரத்தில் குறித்தே வைக்கவில்லை.

மறுபடியும் பத்தடிக் கம்பி, பலகை, இடுப்பில் கயிறு. இந்த முறை அக்காவும் கூலிக்கு வந்தாள். இங்கிலீஷ்காரன் வேலையாக இருந்தால் துப்புவதில்லை என்றாள். முளைகளின் அடியை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்து, பொய்யாக அடித்தவற்றைப் பிடுங்கிக்கொண்டே போனோம். மூன்றாவது வாரம், கங்காணியின் இளைய மருமகனுக்காக நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்த ஒரு முளைக்கடியில் கம்பி சரேலென்று கையைவிட்டு ஓடியது. கயிறு இழுபட்டு விறைத்து நின்றது.

அக்கா சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள். "இது எங்கப்பாவுக்கே தெரியாத குழி" என்றாள்.

அந்த முளையை மட்டும் விட்டுவிட்டு, பாறை கொண்டுவர வண்டிக்கு ஆள் அனுப்பினோம்.